கிளினிக்கில் 174, வீட்டில் 131: அம்மாவின் பிரஷர் பட்ட பாடு

அம்மாவின் கிளினிக் கொப்பியில் 174/98 என்று சிவப்புப் பேனையால் எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அந்த வட்டம் எங்கள் வீட்டு நித்திரையைக் கெடுத்துவிட்டது.

அந்த இலக்கம் எப்படி வந்தது என்று பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். களுவாஞ்சிக்குடியில் இருந்து நெரிசலான பஸ்ஸில் போய், வரிசையில் நின்று, பெயரைக் கூப்பிட்டதும் அம்மா அரக்கப்பரக்க ஓடிப்போய் உட்கார்ந்தார். சாய்மானம் இல்லாத வாங்கு. சட்டைக் கை இறுக்கமாக மேலே சுருட்டப்பட்டு, பட்டியில் பாதி அந்தச் சுருட்டலின் மேல். கை மடியில் தொங்கிக்கொண்டிருந்தது. காற்று ஏறும்போதே "மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?" என்று கேள்வி, அதற்கு அம்மாவின் நீண்ட பதில். இதில் ஒவ்வொன்றும் பிரஷரைக் கூட்டிக் காட்டக்கூடியது. அளந்த பிள்ளையைக் குறை சொல்ல மனம் வரவில்லை, அன்றைக்கு வாசல் வரைக்கும் சனம். ஆனால் இரண்டாவது தடவை அளந்து பார்க்காமல் வட்டம் போட்டதுதான் எரிச்சல்.

டொக்டர் நிதானமானவர். "ஒரு கிழமை வீட்டில பார்த்து எழுதிக்கொண்டு வாங்க. அதுக்குப் பிறகு மாத்திரையைக் கூட்டுறதா எண்டு யோசிப்பம்" என்றார்.

மெஷின் வாங்கப் போன பாமசியில் முதலில் மணிக்கட்டில் கட்டுவதைத்தான் காட்டினார்கள். வேண்டாம் என்று மேல்கையில் கட்டுவதை வாங்கினேன். மணிக்கட்டு மெஷினில் கையைப் பிடிக்கும் உயரம் கொஞ்சம் மாறினாலும் கணக்கு மாறிவிடும்.

வீட்டில் வந்து பார்த்தால் அதிலும் 160க்கு மேல். அம்மாவுக்குப் பயம் பிடித்துவிட்டது. பயத்தில் திரும்பவும் கட்டு, திரும்பவும் அமத்து, ஒவ்வொரு தடவையும் இன்னும் ஏறியது. பக்கத்து வீட்டு மாமி வந்து "இன்னொரு லொசார்ட்டனைப் போட்டு விடு புள்ள" என்றார். நல்ல வேளை, போடவில்லை. அவசரத்துக்கு என்று நாமாக மாத்திரை கூடப் போட்டால் பிரஷர் அளவுக்கு மிஞ்சி இறங்கி, மயங்கி விழவும் கூடும். கடைசியில் இரவோடு இரவாக ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே கொஞ்ச நேரம் சும்மா உட்கார வைத்துவிட்டுப் பார்த்தார்கள், 146. ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை, "வீட்ட போங்க அம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். ஓட்டோக் காசுதான் மிச்சம்.

வீட்டு மெஷின் மட்டும் ஏன் விடாமல் கூட்டிக் காட்டுகிறது? பட்டியின் ஓரத்தில் 22–32 சென்ரிமீற்றர் என்று பொடி எழுத்தில் அடித்திருந்தது. தையல் நாடாவை எடுத்து, அம்மாவின் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றிப் பார்த்தேன், 35. பட்டி சின்னதென்றால் இலக்கம் உண்மையை விடக் கூடத்தான் வரும். மாற்றித் தரச் சொல்லிப் பாமசிக்குப் போனால், "எல்லாருக்கும் ஒரே சைஸ்தான் அக்கா, இறுக்கிக் கட்டுங்க" என்று பதில். பெட்டிக்குள் இருந்த தாளை விரித்து, 32–42 பட்டி தனியாக உண்டு என்று போட்டிருந்த இடத்தைக் காட்டினேன். அதற்கும் அசையவில்லை. கல்முனைக்குப் பஸ் ஏறித்தான் பெரிய பட்டி வாங்க வேண்டியிருந்தது. அதே கம்பனிப் பட்டியாகவே பார்த்து வாங்குங்கள். வேறு கம்பனிப் பட்டி குழாயில் பொருந்தினாலும் கணக்கு சரியாக வரும் என்று நம்ப முடியாது.

பிறகு உட்காரும் விதம். எங்கள் சாப்பாட்டுக் கதிரையில் அம்மா சாய்ந்து உட்கார்ந்தால் கால் நிலத்தில் படாது, அந்தரத்தில் ஆடும். குசினியில் இருந்த பலகையை எடுத்துக் காலுக்குக் கீழே வைத்ததும் சரியாகிவிட்டது. காலுக்கு மேல் கால் போடக் கூடாது. கை மேசையில் இருந்தாலும் பட்டி நெஞ்சு மட்டத்துக்குக் கீழேதான் நின்றது. ஒரு துவாயை மடித்துக் கைக்குக் கீழே கொடுத்தேன். இது சின்ன விசயம் இல்லை. நெஞ்சு மட்டத்தில் இருந்து 10 சென்ரிமீற்றர் இறங்கினால் ஏழெட்டுப் புள்ளி கூடிக் காட்டும். அளக்க முன் அரை மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணி இல்லை, கோப்பி இல்லை. சலம் போய்விட்டு வந்து, ஐந்து நிமிசம் சும்மா உட்கார வேண்டும்.

எல்லாவற்றிலும் கஷ்டம் அந்த ஐந்து நிமிசம்தான். "பேசாம இருங்கம்மா" என்றால் "நான் எங்க பேசினேன், கோழி கத்துதே, அடைச்சியா எண்டுதானே கேட்டன்" என்பார். பட்டி இறுகும்போது பேசினாலே பத்துப் புள்ளி வரை ஏறலாம். ரீவியை நிறுத்தி, ஃபோனையும் அடுத்த அறையில் வைத்த பிறகுதான் வழிக்கு வந்தார்.

காலையில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன், பின்னேரம் இராச் சாப்பாட்டுக்கு முன். ஒவ்வொரு வேளையும் ஒரு நிமிச இடைவெளியில் இரண்டு தடவை. ஏழு நாளைக்கு 28 வாசிப்பு. முதல் நாளின் நான்கையும் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். புது மெஷினின் படபடப்பு அதில் கலந்திருக்குமாம். மிச்சம் 24. மெஷினின் ஞாபகத்தை நம்பாமல் கொப்பியிலேயே எழுதினேன். மெஷின் வந்த செய்தி பரவி, மாமி தொடக்கம் அயலட்டை முழுக்க வந்து கையை நீட்டியதில் யாருடைய இலக்கம் யாருடையது என்றே தெரியாமல் போயிருந்தது.

இடையில் ஒரு பின்னேரம் 159. கட்டாரில் இருக்கும் தம்பியோடு ஃபோனில் வாக்குவாதப்பட்ட கையோடு அம்மா வந்து உட்கார்ந்திருந்தார். அடுத்தது 138, மறுநாள் காலை 127. அந்த 159ஐ அழிக்கச் சொல்லி அம்மா கெஞ்சினார். அழிக்கவில்லை. கடைசியில் கூட்டிப் பார்த்தால், அது இல்லாமல் மேல் இலக்கத்தின் சராசரி 130, அதையும் சேர்த்தால் 131. வீட்டில் இருந்தபடியே ஓட்டோவுக்குச் சொல்ல வைத்திருக்கக்கூடிய ஒரு இலக்கம், 24 வாசிப்புக்கு நடுவில் ஒரே ஒரு புள்ளியைத்தான் அசைத்தது. கீழ் இலக்கத்தின் சராசரி 79.

வீட்டுச் சராசரிக்கு எல்லை 135/85, கிளினிக்கில் அளந்தால் 140/90. டொக்டர் கொப்பியைப் புரட்டி, சராசரியைப் பார்த்து, பழைய அளவு மாத்திரையையே எழுதிவிட்டார். வட்டத்தை நம்பியிருந்தால் அம்மா இப்போது தேவையில்லாமல் கூடுதல் மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பார்.

இதற்காக எல்லா இலக்கத்தையும் அலட்சியப்படுத்தச் சொல்லவில்லை. எங்களுக்கு டொக்டர் சொன்ன கணக்கு இது. மேல் இலக்கம் 180 அல்லது கீழ் இலக்கம் 120 வந்தால், வேறு வருத்தம் ஒன்றும் இல்லையென்றால், ஐந்து நிமிசம் அமைதியாக இருந்து திரும்ப அளக்க வேண்டும். அப்போதும் இறங்காவிட்டால் அன்றைக்கே டொக்டரிடம் காட்ட வேண்டும். நெஞ்சு நோ, மூச்சு முட்டல், வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் சோர்வு, பேச்சுக் குளறல், திடீரென்று கண் மங்கல் என்று ஏதாவது சேர்ந்திருந்தால் இரண்டாவது தடவை அளந்துகொண்டு இருக்கக் கூடாது, உடனே 1990க்கு அடித்து அம்புலன்ஸ் கூப்பிட வேண்டும்.

இப்போது கிளினிக்குக்கு முந்திய கிழமை மட்டும்தான் மெஷினை வெளியே எடுக்கிறோம். தினமும் கண்ணுக்கு முன்னால் இருந்தால் அம்மா மணிக்கொரு தடவை கட்டிப் பார்ப்பார். அந்தச் சின்னப் பட்டி அப்பாவின் கைக்குக் கணக்காக இருக்கிறது. அவர் ஐந்து நிமிசம் என்ன, அரை மணித்தியாலமும் பேசாமல் இருப்பார்.