கடன் கொடுத்தவரைக் கடன்காரராக்கிய %s

பாளையங்கோட்டையிலிருந்து டவுனுக்கு ஒரே வாரத்தில் மூன்று தடவை பஸ் ஏறினேன், மூன்றும் சில வரிகளுக்காக. கடைக்காரர்கள் கடன் கணக்கு எழுதும் ஒரு ஆப்பைத் தமிழாக்கும் வேலை. மொழிபெயர்க்க வேண்டிய வரிகள் அடங்கிய `.po` கோப்பு வாங்கியது, முந்நூறு சொச்சம் வரிகளை மொழிபெயர்த்தது எல்லாம் பத்து நாளில் சிக்கலில்லாமல் முடிந்துவிட்டது. டவுன் ரத வீதிப் பக்கம் மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் போட்டுப் பார்க்கச் சம்மதித்தார். மறுநாளே போன்.

“ஏல தம்பி, அந்த சில்லறைக் கடைக்காரன்லா எனக்கு ரூவா தரணும்? நான் அவனுக்குத் தரணும்னு போட்டிருக்கு!”

நேரில் போய்ப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. கணக்குத்தான் தப்பு என்று நினைத்து டெவலப்பரிடம் கேட்டால், ஆங்கிலத்தில் சரியாக வருகிறது, உங்கள் மொழிபெயர்ப்பைப் பாருங்கள் என்றார். கோப்பைச் சோதிக்கும் `msgfmt -c` கட்டளையை ஓட்டினேன், ஒரு பிழையும் இல்லை. அந்த ஒரு நாள் அதிலேயே போனது. நான் எழுதியிருந்தது இதுதான், `%s` உள்ள இடத்தில் பெயரும் `%d` உள்ள இடத்தில் தொகையும் வந்து உட்காரும்:

```
#, c-format
msgid "%s owes %d rupees to %s"
msgstr "%s-க்கு %d ரூபாய் %s தர வேண்டும்"
```

படிக்கத் தமிழ் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நிரல் முதலில் தருவது கடன்காரர் பெயர், கடைசியில் தருவது கடன் கொடுத்தவர் பெயர். என் வாக்கியத்தில் முதல் `%s` பணம் பெறுபவருக்கான இடம். இரண்டு பெயரும் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. `msgfmt` பார்ப்பது வகையை மட்டும்: சொல், எண், சொல் என்ற வரிசை இரண்டிலும் ஒன்றாக இருந்ததால் விட்டுவிட்டது. `%d`-ஐ முன்னால் நகர்த்தியிருந்தால் அங்கேயே பிடித்திருக்கும். (`c-format` என்ற குறிப்பு வரிக்கு மேலே இல்லையென்றால் அந்தச் சோதனையும் நடக்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.)

இடம் மாற்றினால், நிரல் எத்தனையாவதாகத் தருகிறது என்ற எண்ணைக் கொடுத்தாக வேண்டும்: `%3$s-க்கு %2$d ரூபாய் %1$s தர வேண்டும்`. ஒன்றுக்கு மட்டும் எண் போட்டு மற்றதை விட்டால் பிழை வரும், மூன்றுக்கும் போடுங்கள்.

சரி, முடிந்தது என்று இரண்டாவது தடவை போனால் “முருகன்-க்கு” என்று திரையில் நிற்கிறது. முருகனுக்கு என்றுதானே வர வேண்டும்? பெயர் எந்த எழுத்தில் முடியும் என்று நமக்குத் தெரியாது, வேற்றுமை உருபை ஒட்டவே முடியாது. “என்பவருக்கு” போட்டுப் பார்த்தேன், “ஜவுளிக் கடை என்பவருக்கு” என்று வந்தது. கடைசியில் வாக்கியத்தையே கைவிட்டேன்:

```
msgstr "தர வேண்டியவர்: %1$s\nபெற வேண்டியவர்: %3$s\nதொகை: %2$d ரூபாய்"
```

உருபே தேவையில்லை. அண்ணாச்சி ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். பெயர் வரும் வரிகளை எல்லாம் இப்போது இப்படித்தான் எழுதுகிறேன்.

அன்றே பட்டன் ஒன்றையும் காட்டினார். “நினைவூட்டல் அனுப்பு” என்று எழுதியிருந்தேன். கண்ணுக்குப் பத்து எழுத்துதான், வரம்பு 16. ஆனால் திரையில் “நினைவூட்டல் அனுப” என்று அறுந்து நிற்கிறது. கணினிக்கு “நி” இரண்டு: ந ஒன்று, இகரக் குறி ஒன்று. புள்ளியும் தனிக் கணக்கு. அப்படி எண்ணினால் இடைவெளியோடு 19 வருகிறது, 16-இல் வெட்டும்போது “ப்”பின் புள்ளி போய்விடுகிறது. “நினைவூட்டு” என்று மாற்றினேன், 10-தான். வரம்பு சொல்பவரிடம் அது எதை எண்ணுகிறது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பைட்டாக எண்ணினால் UTF-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், அந்தப் பத்தே 30 ஆகிவிடும்.

மூன்றாவது தடவை போனது பன்மைக்காக. தமிழுக்கு இரண்டு வடிவம்தான்:

```
"Plural-Forms: nplurals=2; plural=(n != 1);\n"
```

“1 பில் பாக்கி உள்ளது”, “5 பில்கள் பாக்கி உள்ளன” இரண்டும் சரியாக வந்தன. ஆனால் 0 என்பது 1 இல்லையே, அதனால் கடனை எல்லாம் தீர்த்தவர் பக்கத்தில் “0 பில்கள் பாக்கி உள்ளன” என்று வருகிறது. பணம் கட்டியவர் அதைப் பார்த்துவிட்டு இன்னும் பாக்கி இருக்கிறதா என்று அண்ணாச்சியிடம் சண்டைக்கு வந்துவிட்டாராம். இந்த `.po` கோப்புகளைக் கையாளும் gettext-இல் பூஜ்யத்துக்கு மட்டும் நான் தனி வடிவம் சேர்த்தால் போதும் என்று தோன்றும், ஆனால் அந்தத் தலைப்பு வரியை மாற்றிவிட்டு மற்ற மொழிபெயர்ப்புகளோடு ஒட்டாமல் நிற்பதைவிட, எண் 0 ஆனால் வேறு வரியைக் காட்டும்படி நிரலில் செய்வதுதான் சுத்தம். “பில் எதுவும் பாக்கி இல்லை” என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த பதிப்பில் சேர்ப்பதாக டெவலப்பர் சொல்லியிருக்கிறார், வந்ததும் டவுனுக்கு இன்னொரு தடவை போக வேண்டும்.