தமிழ் வாக்கியத்தை வாலிலிருந்து படித்து ஸ்பானிஷ் கற்ற அனுபவம்

குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பார்க்க வருகிறவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து, எந்த டீ எப்படி இருக்கும் என்று விளக்குவது என் வேலை. சீசனில் ஸ்பெயினிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் குழுவாக ஆட்கள் வருவார்கள். அவர்களில் பலருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. அதனால்தான் ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்தேன். சொற்கள் சீக்கிரம் பிடிபட்டன. உச்சரிப்பிலும் பெரிய கஷ்டமில்லை. ஆனால் வாய் திறந்தால் ஸ்பானிஷ் சொற்கள் தமிழ் வரிசையில் வந்து விழும். அந்த வரிசை எங்கெங்கே தப்பாகிறது, அதை எப்படிச் சரிசெய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு சிஸ்டர். ஸ்பெயினில் பல வருடம் சேவை செய்துவிட்டு இங்கே மடத்துக்குத் திரும்பியவர். அவருக்கும் தமிழ்தான் தாய்மொழி. அதனால் நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பது, நான் சொல்லி முடிக்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். இப்படி ஒருவர் கிடைத்தது என் பாக்கியம்.

முதல் பிரச்சினை எங்கள் ஊர்ச் சரக்கான டீயிலேயே வந்தது. ஸ்பானிஷில் டீக்கு ‘தே’ என்று பெயர். ‘குடிக்கிறேன்’ என்பதற்கு ‘தோமோ’. ‘நான்’ என்றால் ‘யோ’. நான் டீ குடிக்கிறேன் என்று நினைத்து, ‘யோ தே தோமோ’ என்றேன். சிஸ்டர் நிறுத்தினார். “நீ இப்போ என்ன சொன்ன தெரியுமாம்மா? நான் உன்னை எடுத்துக்கிறேன்னு சொல்லியிருக்க.”

காரணம் இதுதான். ‘உன்னை’ என்பதற்கும் ஸ்பானிஷில் ‘தே’தான். எழுதும்போது தேநீரின் ‘தே’க்கு மேல் ஒரு சின்னக் கோடு போட்டு வேறுபடுத்துவார்கள். பேச்சில் அழுத்தம் மட்டும்தான் வித்தியாசம். ‘தோமோ’வுக்குக் குடிக்கிறேன், எடுக்கிறேன் என்று இரண்டு பொருளும் உண்டு. வினைச்சொல்லுக்கு ஒட்டி முன்னால் இருக்கிற இடத்தை ஸ்பானிஷ் சின்னப் பிரதிப்பெயர்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறது. செயப்படுபொருள்களில் என்னை, உன்னை, அதை மாதிரியான சொற்கள் மட்டும் அங்கே உட்காரும். அந்த இடத்தில் ‘தே’ என்று காதில் விழுந்தால், கேட்பவர் ‘உன்னை’ என்றுதான் எடுத்துக்கொள்வார். செயப்படுபொருளாக வரும் முழுப் பெயர்ச்சொல் வழக்கமாக வினைக்குப் பின்னால்தான் வரும். ஆகவே ‘தோமோ தே’ என்பதுதான் சரி. ‘யோ’வும் தேவையில்லை. நம் ‘குடிக்கிறேன்’ மாதிரியே ‘தோமோ’வின் கடைசி ஓசையே ‘நான்’ என்று காட்டிவிடுகிறது.

இந்த இடத்தில் தமிழ்க்காரர்களுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. ‘அதைக் குடிக்கிறேன்’ என்பது ‘லோ தோமோ’. லோ என்றால் அதை. அப்படியே தமிழ் வரிசை! இதைக் கேட்டதும், சரி, செயப்படுபொருளை முன்னால் வைத்தாலும் பரவாயில்லை போல என்று மனசு நினைத்துக்கொள்கிறது. அப்புறம் ‘எல் தே தோமோ’ என்று தைரியமாகச் சொல்ல ஆரம்பிக்கிறோம். ‘எல்’ என்பது குறிப்பிட்ட அந்த டீயைச் சுட்டும் சொல். ஸ்பானிஷ்காரர்களும் டீயை முன்னால் கொண்டுவருவதுண்டு. ஆனால் அப்படிக் கொண்டுவந்தால் வினைக்கு முன்னால் ஒரு ‘லோ’வையும் சேர்ப்பார்கள். ‘எல் தே லோ தோமோ ஸின் அஸூகார்’, அதாவது டீயை நான் சர்க்கரை இல்லாமல் குடிப்பேன். டீயை முன்னால் சொன்னாயா, அந்த ஒதுக்கிய இடத்தில் லோ இருக்கிறதா என்று பார் என்பார் சிஸ்டர். என் காதைப் பழக்கியது இந்த ஒரு கேள்விதான்.

அந்தச் சின்னச் சொல்லும் எப்போதும் முன்னால் வராது. ‘அதைக் குடிக்க விரும்புகிறேன்’ என்றால் ‘கியேரோ தோமார்லோ’. ‘குடிக்க’ என்ற எச்சத்தின் வாலில் லோ ஒட்டிக்கொள்கிறது. விரும்பினால் மொத்தத்துக்கும் முன்னால் வைத்து ‘லோ கியேரோ தோமார்’ என்றும் சொல்லலாம். நடுவில் நுழைத்து ‘கியேரோ லோ தோமார்’ என்பதுதான் கூடாது. ‘அதைக் குடிக்க’ என்று தமிழில் சேர்ந்தே இருப்பதால் நம் வாய்க்கு வருவதென்னவோ அந்த நடுவில் நுழைக்கும் தப்புதான்.

அடுத்து வாக்கியத்தின் வால். தமிழில் வேண்டும், முடியும், இல்லை எல்லாம் கடைசியில் வரும். ‘நாளைக்கு ஊட்டிக்குப் போக வேண்டும்.’ இதை நான் வரிசையாக மாற்றி ‘மன்யானா ஊட்டி ஆ இர் தெங்கோ கே’ என்றேன். சிஸ்டர் நோட்டை வாங்கி, அந்தத் தமிழ் வாக்கியத்தை எழுதி, விகுதிகளைக் கோடு போட்டுப் பிரித்தார்: நாளைக்கு, ஊட்டி, க்கு, போக, வேண்டும். “இப்போ வலப்பக்கமிருந்து படி” என்றார். வேண்டும், போக, க்கு, ஊட்டி. தெங்கோ கே, இர், ஆ, ஊட்டி. ‘நாளைக்கு’ மட்டும் நகராமல் தலையிலேயே நின்றது: ‘மன்யானா தெங்கோ கே இர் ஆ ஊட்டி.’ சுத்தமான ஸ்பானிஷ்.

எனக்கு அன்றைக்குத்தான் விஷயம் புரிந்தது. வினையைக் கடைசியில் வைப்பது தனியாக இருக்கும் ஒரு பழக்கமில்லை. அதோடு ஒரு கூட்டமே சேர்ந்து வருகிறது. ‘க்கு’, ‘இல்லாமல்’ போன்றவை பெயருக்குப் பின்னால் வரும், துணைவினை வினைக்குப் பின்னால் வரும். வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும் என்று ஜோசஃப் கிரீன்பெர்க் என்ற மொழியியலாளர் 1963-ல் எழுதியிருக்கிறார். எங்களோடு படித்த பெண்ணின் வீட்டு மொழி படுகு. அவளுக்கும் அதே இடங்களில் அதே தப்புகள். படுகும் வினையைக் கடைசியில் வைக்கும் மொழிதானே.

இப்போது நீளமான ஒரு வாக்கியம். என் மாமா இலை வாங்குகிறவர். அம்மா தோட்டத்தில் பறிக்கிறார். அதை வைத்தே சிஸ்டர் பயிற்சி கொடுத்தார்: ‘என் அம்மா பறிக்கிற இலை நல்லது என்று என் மாமா சொல்கிறார்.’ நான் முதலில் சொன்னது: ‘மி மாத்ரே ரெகோஹே கே ஓஹா புவேனா எஸ் கே மி தியோ தீஸே.’ ஸ்பானிஷ் காதுக்கு இது தலைகால் புரியாது. ஸ்பானிஷில் ‘கே’ என்ற சொல் தனக்குப் பின்னால் வரும் வாக்கியத்தைத் திறந்து வைக்கும். நம் ‘என்று’ தனக்கு முன்னால் வந்த வாக்கியத்தை மூடி வைக்கும். ‘பறிக்கிற’ என்பதிலும் கடைசி ‘அ’தான் அந்த வேலையைச் செய்கிறது. திறக்கிற சொல்லை மூடுகிற இடத்தில் போட்டால், கேட்பவர் ‘அம்மா பறிக்கிறார், என்னவென்றால்’ என்று தொடங்கித் தவறான வழியில் போய்விடுவார்.

மறுபடியும் வலப்பக்கமிருந்து படித்தோம். சொல்கிறார், என் மாமா, என்று, நல்லது, இலை, பறிக்கிற, என் அம்மா. ‘தீஸே மி தியோ கே எஸ் புவேனா லா ஓஹா கே ரெகோஹே மி மாத்ரே.’ ஒரு துண்டைக்கூட இடம் மாற்ற வேண்டியிருக்கவில்லை. இப்படித் தொடங்கிச் சொல்வது ஸ்பானிஷில் இயல்பான பேச்சுதான். மாமாவை முன்னால் வைத்து ‘மி தியோ தீஸே’ என்று ஆரம்பித்தாலும் சரி. மாறாதவை சில உண்டு. ‘என் அம்மா’வில் ‘என்’ முன்னாலேயே நிற்கும், ‘மூன்று கப்’பில் எண்ணும் அப்படியே. ‘கிரீன் டீ’ மட்டும் திரும்பி ‘தே வெர்தே’ ஆகும். லோவும் தேயும் மேலே சொன்ன தனி விதிப்படி நடக்கும்.

நோட்டில் சரி, பேசும்போது யார் வலமிருந்து படித்துக்கொண்டிருப்பது? அதற்காக நாங்கள் முதலில் தமிழையே அந்த வரிசையில் பேசிப் பழகினோம். பேச்சுத் தமிழ் இதற்கு இடம் கொடுக்கிறது. ‘சொன்னார் மாமா’, ‘போனேன் ஊட்டிக்கு’, ‘குடிச்சேன் டீ’ என்று வீட்டில் சாதாரணமாகவே பேசுகிறோம். தோட்டத்துப் பாதையில் நடந்து போகும்போது இப்படியே சொல்லிக்கொண்டு போவேன். நன்றாகவே உதவியது. ஆனால் இதற்கு ஒரு எல்லை உண்டு. ‘அம்மா பறிக்கிற இலை’ என்பதைத் தமிழில் புரட்ட முடியாது. ‘இலை பறிக்கிற அம்மா’ என்றால் அது வேறு பொருள். ஆகவே முழு வாக்கியத்தின் வினையை முன்னால் நகர்த்த இந்தப் பயிற்சி போதும், பெயரெச்சத்துக்குப் போதாது. அதற்கு ‘லா ஓஹா கே’ என்று பெயரையும் கே-யையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிப் பழகுவதுதான் வழி. கே வரைக்கும் வந்துவிட்டால் மிச்சம் தானாக வரும்.

இன்னும் எனக்குச் சிரமமாக இருப்பது இல்லை என்ற சொல். தமிழில் கடைசிச் சொல் வரை முடிவைத் தள்ளிப் போடலாம். ‘மழை வரும்னு நினைக்...’ என்று இழுத்துக்கொண்டே போய், வானத்தைப் பார்த்துவிட்டு, ‘கிறேன்’ என்றோ ‘கல’ என்றோ முடிக்கலாம். ஸ்பானிஷில் முதல் சொல்லிலேயே முடிவு சொல்லியாக வேண்டும். வரும் என்று நினைத்தால் ‘க்ரேயோ கே வா ஆ யோவேர்’. நினைக்கவில்லை என்றால் ‘நோ க்ரேயோ கே யுவேவா’. முன்னால் ஒரு ‘நோ’ சேர்ந்ததும் பின்னால் வரும் மழை வினையே உருமாறி ‘யுவேவா’ ஆகிவிட்டது, கவனித்தீர்களா? ‘நோ’வைக் கடைசியில் நினைத்துக்கொண்டு ஒட்டவைக்க வழியே இல்லை. அதற்குள் வினை தப்பான உருவத்தில் வாயை விட்டுப் போயிருக்கும்.

லேம்ஸ் ராக் காட்சிமுனையில் இன்றைக்குப் பள்ளத்தாக்கு தெரியுமா, மழை வருமா என்று வருகிறவர்கள் கேட்காத நாளில்லை. அதனால் இந்த வாக்கியம் எனக்கு அடிக்கடி தேவைப்படுகிறது. சிஸ்டர் சொன்ன வழி இது: நாம் பேச்சில் ‘வந்து...’ என்று இழுக்கிற மாதிரி அவர்கள் ‘புவெஸ்’ என்று இழுப்பார்கள். கேள்வி வந்ததும் ‘புவெஸ்’ என்று சொல்லி, அந்த இடைவெளியில் ஆமாவா இல்லையா என்பதை மட்டும் முடிவு செய்துகொள்ள வேண்டும். நோ உண்டா இல்லையா என்பது தெரிந்துவிட்டால் க்ரேயோ வரும், கே வரும், வினையும் அதற்கேற்ற உருவத்தில் வரும். மேட்டுப்பாளையம் பக்கம் மேகம் கறுத்திருந்தால் ‘க்ரேயோ கே வா ஆ யோவேர்’ என்கிறேன். வெளுத்திருந்தால் ‘நோ க்ரேயோ கே யுவேவா’ என்கிறேன்.