ரெக்கார்டு நோட்டைத் திறக்க ஐந்து வாரம்

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஜூலையில் ரெக்கார்டு நோட்டில் ஒரு தாவரவியல் படத்தை வரையாமல் விட்டாள். செப்டம்பரில் அது ஏழு படமாகிவிட்டது. அதற்குள் பை அடுக்குவது, குளிப்பது, தோழியின் போனை எடுப்பது என்று எல்லாமே தள்ளிப்போனது. "மிஸ் திட்டுவாங்களாம்மா? ஃபெயில் ஆயிடுவேனா?" என்று ஒரு நாளைக்கு இருபது தடவையாவது கேட்பாள். இருபது தடவையும் நான் "ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொன்னேன்.

முதலில் போன ஆலோசகர் கையில் ரப்பர் பேண்ட் போட்டு விட்டார். கெட்ட எண்ணம் வந்தால் இழுத்து விட வேண்டுமாம். மூன்று வாரம் அலைந்தோம். எண்ணம் வருகிறதா என்று அவள் நாள் முழுக்கக் காவல் காத்தாள். காவல் காக்கக் காக்க அது கூடுதலாகத்தான் வந்தது. மணிக்கட்டு சிவந்ததுதான் மிச்சம். உங்களிடம் யாராவது இதைச் சொன்னால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்து பார்த்தவர் மருத்துவ உளவியலாளர். இந்திய மறுவாழ்வு கவுன்சிலான ஆர்.சி.ஐ.யில் பதிவு உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் போனேன். நீங்களும் கேளுங்கள். அவர் முதலில் மகளிடம் தனியாகப் பேசினார். பள்ளியில் யாராவது துன்புறுத்துகிறார்களா, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் நினைப்பு உண்டா என்று கேட்டிருக்கிறார். நிஜமாகவே ஆபத்து இருந்தால், 'கவலைக்கு இடம் கொடு' என்று சொல்வது தப்பு, அந்த ஆபத்தைத்தான் முதலில் நிறுத்த வேண்டும் என்றார். அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகே இந்த முறைக்கு வந்தோம். ஏற்பும் உறுதியும் சேர்ந்த சிகிச்சை, சுருக்கமாக 'ஆக்ட்'.

முதல் நாள் ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டார். கவலை போக என்ன செய்தாய், எவ்வளவு நேரம் நிம்மதி, அப்புறம் என்ன ஆனது? போன் பார்த்தது, தூங்கியது, வயிற்றுவலி என்று லீவு போட்டது, அம்மாவிடம் கேட்டது எல்லாவற்றையும் அவளே எழுதினாள். நிம்மதி அதிகபட்சம் அரை மணி நேரம். கடைசிக் கட்டத்தில், வரையாத ரெக்கார்டு படம் ஏழு. என் பதில்களும் அந்தப் பட்டியலில் இருந்ததைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது.

அடுத்த வாரம், 'ஃபெயில் ஆயிடுவேன்' என்பதை 'ஃபெயில் ஆயிடுவேன்னு என் மனசு சொல்லுது' என்று மாற்றிச் சொல்லும் பயிற்சி. 'ஃபெயில்' என்ற சொல்லையே அரை நிமிடம் வேகமாகச் சொன்னார்கள். சொல்லச் சொல்ல அர்த்தம் கழன்று வெறும் சத்தமாகிவிடுகிறது.

இங்கேதான் இரண்டு பேரும் தவறினோம். அவள் அதை மந்திரம் மாதிரி சொல்லிப் பார்த்து, பயம் போகவில்லை என்று அழுதாள். நானோ ஒரு சண்டையில், "அது உன் மனசு சொல்றது, எழுந்து வேலையைப் பாரு" என்று வீசிவிட்டேன். மூன்று நாள் பேசவில்லை. உளவியலாளர் அவளிடம் பொறுமையாகச் சொன்னார்: "இது பயத்தை விரட்டுறதுக்கு இல்லம்மா. பயம் இருக்கும்போதே பேனா நகர்ந்துச்சா, அதை மட்டும் பாரு." என்னிடம், அந்தச் சொற்கள் அவளுடையவை, நீங்கள் எடுத்துப் பேசாதீர்கள் என்றார்.

எனக்குப் பிடிபட்ட முக்கியமான விஷயம் இதுதான்: பயத்தின் அளவோடு பேரம் பேசக்கூடாது, வேலையின் அளவோடு பேசலாம். 'பயம் குறைஞ்சதும் வரையறேன்' என்றால் அந்த நாள் வராது. எவ்வளவு பயம் வந்தாலும் சரி, பத்து நிமிடம் என்றால் முடிகிறது. அந்தப் பத்து நிமிடமும் எதற்காக என்று அவளே சொல்ல வேண்டும். மார்க் என்று சொன்னதை அவர் ஏற்கவில்லை. அது கைக்கு வந்ததும் முடிந்துவிடும், எப்படிப்பட்ட ஆளாக இருக்க ஆசை என்று கேட்டார். வெகுநேரம் கழித்து, சின்ன வயதில் சங்குப்பூவைப் பிரித்துப் பிரித்துப் பார்த்ததைச் சொன்னாள். "எதையும் பிரிச்சுப் பார்த்துத் தெரிஞ்சுக்கிறது எனக்குப் பிடிக்கும்."

ஐந்தாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. மாடித் தொட்டியிலிருந்து சங்குப்பூ பறித்து வந்து மேசையில் வைத்தாள். கை நடுங்கியது. "வயிறு பிசையுதும்மா, மிஸ் திட்டுவாங்களா?" என்றாள். இந்த முறை நான், "தெரியலம்மா. கவலை வந்திருக்கு போல. அதோடயே பத்து நிமிஷம் உட்காருவோமா?" என்றேன். பதினாறு நிமிடம் வரைந்தாள். பூவின் பெரிய இதழ் கோணல்தான், அழிக்காமல் விட்டாள்.

இப்போது ஏழில் நான்கு முடிந்திருக்கிறது. இடையில் ஒரு வாரம் மறுபடியும் படுத்துவிட்டாள். அப்போது பத்து நிமிடத்தை மூன்று நிமிடமாக்கினோம், நோட்டைத் திறந்து தேதி மட்டும் போடுவது என்று. தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போன பிள்ளை என்றால் முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், தமிழிலேயே பேசலாம். கேள்வி இன்னும் வருகிறது. நேற்று நான்கு தடவை கேட்டாள்.