பெருவிரல் காட்டினால்தான் வேலை: மண்டபத்தில் ஒன்பது மாதம்

பின்னேரம் ஆறு மணிக்கு வட்ஸ்அப் குழுவில் செய்தி விழும். "நாளைக்குக் கலியாணம். 14 பேர். காலமை 10 மணி. கறுப்புக் காற்சட்டை." முதலில் பெருவிரல் படத்தைப் போடுகிற 14 பேருக்கு வேலை. குழுவில் நாங்கள் நாற்பது பேருக்கு மேல். ஐந்தரை மணியில் இருந்தே போனைக் கையில் வைத்துக்கொண்டிருப்பேன். அம்மா தேத்தண்ணி தந்தால்கூட இடக்கையால்தான் வாங்குவேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாண மண்டபத்தில் போன வருடம் ஏப்ரல் தொடக்கம் டிசம்பர் வரை இப்படித்தான் வேலை செய்தேன். பந்தி பரிமாறுவது, கதிரை அடுக்குவது, கடைசியில் கிடாரம் கழுவுவது. நாளுக்கு 1,800 ரூபாய், சாப்பாடு அவர்களுடையது. சேர்ந்த அன்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். "தேவைப்படும்போது மட்டும் அழைக்கப்படுவீர், நாள் எண்ணிக்கைக்கு உத்தரவாதம் இல்லை, சேமலாப நிதி உரித்தாகாது" என்று அதில் இருந்தது. வேறு மண்டபத்துக்கு வேலைக்குப் போகக்கூடாது என்றும் ஒரு வரி. லண்டனில் இருக்கிற மச்சாளிடம் சொன்னபோது சிரித்தாள். அங்கே இதற்கு "ஸீரோ அவர்ஸ்" என்று பெயர், அவளும் ஒரு முதியோர் இல்லத்தில் அப்படித்தான் வேலை செய்கிறாளாம். ஆனால் வேறு இடத்தில் வேலை செய்யாதே என்று அங்கே கட்டுப்படுத்த முடியாது, வேலை செய்த மணித்தியாலங்களில் 12.07 வீதம் சம்பளத்தோடு லீவாகச் சேரும் என்றாள். எங்கள் நாட்டுச் சட்டத்தில் அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை. இங்கே சொல்வது "கசுவல்". அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு ஒன்றும் கிடையாது என்று நாங்களே முடிவு கட்டிவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஆடியிலும் மார்கழியிலும் எங்கள் பக்கம் கலியாணம் இல்லை. யூலையில் எட்டு நாள்தான் கூப்பிட்டார்கள். அந்த மாதம் வீட்டுக் கரண்ட் பில்லை அக்கா கட்டினாள். அவளுடைய வங்கிக்கிளை நண்பி ஒருத்திதான் கேட்டாளாம், "உன்ரை தம்பிக்கு ஈபிஎஃப் வெட்டுறாங்களோ?" என்று. ஈபிஎஃப் என்றால் அந்தத் தாளில் இருந்த சேமலாப நிதிதான். எனக்கு வெட்டவில்லை. வெட்டாதவரை எனக்கு லாபம் என்றுதான் நினைத்திருந்தேன்.

டிசம்பர் கடைசியில் மனேச்சரிடம் கேட்டேன். "தம்பி, நீங்கள் கசுவல். நினைச்சால் வருவீங்கள், நினைச்சால் வரமாட்டீங்கள். உங்களுக்கு என்ன ஈபிஎஃப்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே அவர் அப்படித்தான் நம்பியிருந்தார் என்று நினைக்கிறேன். அடுத்த நாள் குழுவில் என் பெயர் இல்லை. "நீக்கப்பட்டீர்கள்" என்ற ஒரு சாம்பல் நிற வரி மட்டும்.

ஜனவரியில் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். கொண்டுபோனவை: அடையாள அட்டை, கையெழுத்திட்ட தாளின் போட்டோ, குழுச் செய்திகளின் படங்கள், ஒரு கலண்டர். கலண்டர் எங்கள் வீட்டுக் குசினியில் தொங்கியது. வேலைக்குப் போன நாளில் ஒரு வட்டம் போட்டு, காசு கையில் வந்ததும் வட்டத்துக்குள் புள்ளி வைப்பேன். காசு தர மறந்த நாளைப் பிடிக்கத்தான் அந்தப் பழக்கம்.

தொழில் உத்தியோகத்தர் ஓர் அம்மா. கலண்டரை ஒவ்வொரு மாதமாகத் திருப்பி எண்ணினார். ஏப்ரல் 9, மே 17, யூன் 19, யூலை 8, ஆகஸ்ட் 12, செப்ரெம்பர் 18, ஒக்ரோபர் 11, நவம்பர் 14, டிசம்பர் 5. மொத்தம் 113 நாள். பிறகு தாளை எடுத்து, சேமலாப நிதி உரித்தாகாது என்ற வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டார். "இந்த வரிக்குப் பெறுமதி இல்லைத் தம்பி. நீங்கள் விருப்பத்தோட கையெழுத்து வச்சிருந்தாலும் இல்லை" என்றார்.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தில் நிரந்தரம், தற்காலிகம், கசுவல் என்ற பிரிவினை கிடையாது. முதல் நாளில் இருந்தே உரித்து வரும். ஓர் ஊழியர் மட்டும் இருந்தாலும் முதலாளி கட்ட வேண்டும். ஊழியரின் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம், அடுத்த மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். அதற்கு மேலே 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், அது முழுக்க முதலாளியின் கையிலிருந்து.

113 நாளை 1,800ஆல் பெருக்கினால் 203,400 ரூபாய். 20 வீதம் 40,680. நம்பிக்கை நிதியம் 6,102. இரண்டும் சேர்ந்து 46,782. அந்த நேரத்தில் சம்பளத்தில் வெட்டாத 8 வீதத்தை இப்போது என்னிடம் கேட்க முடியாது, அதையும் அவர்களே போட வேண்டும் என்றார் உத்தியோகத்தர். பிந்திக் கட்டினால் மேலதிகக் கட்டணம் பிந்திய காலத்தைப் பார்த்து 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை போகும். மண்டபம் கடைசியில் காசைக் கட்ட அவசரப்பட்டது இதற்குத்தான் என்று எனக்குப் படுகிறது. பிறகு இன்னொன்றும் சொன்னார்: சாப்பாடு தந்தால் அதன் பெறுமதியையும் உழைப்பில் சேர்த்துத்தான் வீதம் கணக்கிட வேண்டும். பந்தி முடிந்த பிறகு நின்றபடி சாப்பிட்ட சோற்றுக்கும் ஈபிஎஃப் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதன் விலையை நிறுவ என்னிடம் ஒன்றும் இல்லாததால் அதை விட்டுவிட்டோம்.

விசாரணை நாளில் மண்டபத்தின் கணக்காளரும் மனேச்சரும் வந்தார்கள். நான் ஊழியரே இல்லை, சுயமாக வந்து செய்து போகிற ஆள் என்பதுதான் அவர்களின் கதை. உத்தியோகத்தர் சட்டம் பேசவில்லை. கேள்விதான் கேட்டார். எத்தனை மணிக்கு வரச் சொன்னது யார்? காற்சட்டை நிறம் யார் சொன்னது? தட்டம் யாருடையது? பந்தியில் எந்த வரிசைக்கு நிற்பது என்று யார் காட்டுவது? எல்லாவற்றுக்கும் விடை மண்டபம். கணக்காளர் மெல்ல மனேச்சரைப் பார்த்தார்.

113 நாளையும் அவர்கள் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. தங்களின் கொப்பியில் 96 என்றார்கள். வேறுபட்ட 17 நாளுக்கும் குழுச் செய்தியில் என் பெருவிரல் இருந்தது. அதோடு 113ஐயும் ஒத்துக்கொண்டார்கள்.

மேலதிக நேர விடயத்தில்தான் நான் பிழைவிட்டேன். நாளுக்கு 1,800 நல்ல சம்பளம் என்று ஊருக்குள் பெயர். தேசிய ஆகக் குறைந்த நாட்சம்பளம் 2025 ஏப்ரலில் இருந்து 1,080 ரூபாய், 2026 ஜனவரியில் இருந்து 1,200. அந்த எண்ணோடு பார்த்தால் மண்டபம் தாராளம்தான். ஆனால் 1,080 என்பது எட்டு மணித்தியால நாளுக்கு. நாங்கள் காலை 10 மணிக்குப் போய் இரவு 12 மணிக்கு வெளிக்கிடுவோம். சாப்பிட்ட ஒரு மணித்தியாலத்தைக் கழித்தால் 13. எட்டுக்கு மேலே ஐந்து. மணித்தியாலத்துக்கு 135, ஒன்றரை மடங்கு 202.50, ஐந்து மணித்தியாலத்துக்கு 1,012.50. ஆக, ஆகக் குறைந்த சம்பளத்தின்படி பார்த்தாலே அந்த நாளுக்கு 2,092.50 வர வேண்டும். 292.50 குறைவாகத்தான் தந்திருக்கிறார்கள்.

1,800 என்பது எட்டு மணித்தியாலத்துக்குத்தான் என்று எங்காவது எழுதியிருந்தால் கணக்கு இன்னும் ஏறியிருக்கும். எழுதவில்லை. நியமனக் கடிதம் என்று ஒன்று தரவேண்டியது அவர்களின் கடமை. அதைத் தராமல் அந்தத் தாளை மட்டும் தந்ததால் இப்படி ஆனது. அதைவிடப் பெரிய சிக்கல், எத்தனை மணிக்கு வெளிக்கிட்டேன் என்று நான் எங்கும் குறிக்கவில்லை. வட்டமும் புள்ளியும் நாளைத்தான் காட்டும், நேரத்தை இல்லை. "இப்பதான் வெளிக்கிடுறன், கதவைப் பூட்டாதேங்கோ" என்று அம்மாவுக்கு இரவில் அனுப்பிய செய்திகள் 31 இருந்தன. அந்த 31 நாளுக்கு மட்டும் ஒத்துக்கொண்டார்கள்: 9,067.50 ரூபாய். மற்ற 82 நாளில் எத்தனை இரவு 12 மணி தாண்டியது என்று எனக்குத் தெரியும், காட்டத்தான் முடியவில்லை.

குழுவில் இருந்து நீக்கியதைக் கேட்டேன். உத்தியோகத்தர் பேனையைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார். வேலை நீக்கத்துக்கான 1971ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வர, முந்தின 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும், அங்கே 15 பேராவது வேலையில் இருக்கவும் வேண்டும். என்னிடம் 113. தொழில் நியாய சபைக்கு அந்த 180 நாள் கட்டுப்பாடு இல்லை, ஆறு மாதத்துக்குள் மனுப் போடலாம். ஆனால் "நீக்கினார்கள்" என்பதை நான் நிறுவ வேண்டும். மண்டபம் "நாங்கள் நீக்கவில்லை, கூப்பிடவில்லை, அவ்வளவுதான்" என்று சொல்லும். கூப்பிடச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த இங்கே சட்டம் இல்லை. நான் மனுப் போடவில்லை. போட்டிருக்க வேண்டும் என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறாள்.

காசு கட்டப்பட்டதா என்பதை மண்டபத்தின் வாய்ச்சொல்லை நம்பி விடவில்லை. சேமலாப நிதியில் உறுப்பினராகப் பதிகிற ஏபிஎச் படிவத்தில் அவர்கள் என் பழைய அடையாள அட்டை இலக்கத்தை, கடைசியில் வருகிற "வி"யோடு, ஓர் இலக்கம் மாற்றி எழுதியிருந்தார்கள். அப்படியே போயிருந்தால் காசு இன்னொருவரின் பெயரில் தூங்கியிருக்கும். உத்தியோகத்தர் முன்னாலேயே திருத்தி, பற்றுச்சீட்டின் பிரதியும் கேட்டு வாங்கினேன். இரண்டு மாதம் கழித்து உறுப்பினர் இலக்கம் கையில் வந்தது.

இப்போது மானிப்பாய்ப் பக்கம் ஒரு கேற்றரிங்காரரிடம் போகிறேன். அங்கேயும் அழைத்தால்தான் வேலை. முதல் நாளே ஏபிஎச் படிவம் கேட்டேன், ஒரு மாதிரியாகப் பார்த்தார், மூன்றாம் கிழமை தந்தார். கலண்டரில் இப்போது வட்டத்துக்குப் பக்கத்தில் இரண்டு நேரம் எழுதுகிறேன், வந்தது ஒன்று, வெளிக்கிட்டது ஒன்று. நேற்றைய கட்டத்தில் 10.00, 11.40 என்று இருக்கிறது. புள்ளி இன்னும் வைக்கவில்லை.