ஆருக்கு? எப்ப?

சரித்திர சேர் காலமான செய்தியைத் தை மாதம் ஒரு வகுப்புத் தோழன் தொலைபேசியில் சொன்னான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. சங்க மலருக்கு ஏதாவது எழுது என்று அவன் கேட்டபோது, மேல்மாடிக் கடைசி அறையும் நான் வெண்கட்டியோடு முக்கால் மணி நேரம் நின்ற ஒரு வியாழக்கிழமையும்தான் முதலில் நினைவுக்கு வந்தன.

உயர்தர வகுப்பில் நாலாம் சிலுவைப் போர் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார். நான் அரைப் பக்கம்தான் எழுதினேன். ‘பேராசையே காரணம், மதம் வெறும் போர்வை’ என்பது என் முதல் வரி. அந்த வயதில் அது எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. சேர் அந்த வரியை வகுப்புக்கு வாசித்துக் காட்டினார். பிறகு, “எழும்பும். பலகைக்கு வாரும். கணக்குச் செய்வம்” என்றார்.

எருசலேமை மீட்கப் போகும் படையைக் கப்பலில் ஏற்றிப்போக, 1201இல் பிரெஞ்சுப் பிரபுக்களின் தூதர்கள் வெனிஸில் செய்த ஒப்பந்தம்தான் கணக்கு. 4,500 வீரப் பிரபுக்கள், 9,000 உதவியாட்கள், 20,000 காலாட்கள்: எல்லாமாக 33,500 பேர். ஆளுக்கு 2 மார்க் வெள்ளி. குதிரை 4,500, ஒவ்வொன்றுக்கும் 4 மார்க். நான் பெருக்கிக் கூட்டினேன், 85,000 வந்தது. “சரி. அடுத்த வருசம் வெனிஸுக்கு வந்து சேர்ந்தது மூன்றிலொரு பங்குச் சனம். கையிலிருந்த பொன் வெள்ளிப் பாத்திரங்களையும் பிரபுக்கள் கொண்டுவந்து குடுத்திட்டினம். அப்பவும் 34,000 மார்க் குறையுது. இப்ப சொல்லும், பேராசை எங்க இருக்குது?”

வெனிஸ்காரரிடம் என்றேன். சேர் தலையை ஆட்டவில்லை. அந்தக் கப்பல்களைக் கட்ட வெனிஸ் தன் வழமையான வியாபாரத்தையே நிறுத்தி வைத்திருந்தது. காசு வராவிட்டால் நகரமே நொடித்துப் போகும். அதற்குத் தலைவரான டண்டோலோ கண் தெரியாத கிழவர். அவர் புனித மார்க் தேவாலயத்தில் எல்லோருக்கும் முன்னால் முழந்தாளிட்டு, தன் தொப்பியில் சிலுவையைத் தைப்பித்துக்கொண்டு தானும் போருக்குப் புறப்பட்டார். “அது போர்வையோ?” என்று கேட்டார் சேர். எனக்குப் பதில் வரவில்லை. பின்வாங்கிலிருந்து யாரோ சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

பலகையின் மூலையில் சேர் எழுதியவை இரண்டே சொற்கள்: ஆருக்கு? எப்ப?

அந்தப் போரை அவர் காரணங்களின் பட்டியலாகப் படிப்பிக்கவே இல்லை. அவர் அதை ஒரு கடனின் கதையாகச் சொன்னார். கடனை அடைக்க வழியில்லாதபோது வெனிஸ் ஒரு தவணை தந்தது: அட்ரியாட்டிக் கரையிலுள்ள ஸாரா நகரைப் பிடித்துத் தாருங்கள், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம். ஸாராவோ கிறிஸ்தவ நகரம். அதன் காவலனான ஹங்கேரி அரசனும் சிலுவைப் போருக்குப் போவதாகச் சிலுவை எடுத்தவன். பாப்பரசர் மூன்றாம் இன்னசென்ற் கூடாதென்று எழுதினார். நகரத்தவர்கள் மதிலில் சிலுவைகளைத் தொங்கவிட்டார்கள். 1202 கார்த்திகையில் நகரம் வீழ்ந்தது. சைமன் டி மொன்ட்ஃபோர்ட் போன்ற சிலர், இதற்காக வரவில்லை என்று விலகிப் போனார்கள். மற்றவர்கள் தங்கியதற்கு ஆசையை விட வேறொரு பயம் காரணம் என்பது சேரின் தீர்ப்பு. படை கலைந்தால் எருசலேமுக்குச் செய்த நேர்த்தி நிறைவேறாமலே போய்விடும். நேர்த்திக்கடன் என்றால் என்னவென்று எங்களுக்கு அவர் விளக்கவேண்டி இருக்கவில்லை.

பிறகு கொன்ஸ்தாந்திநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிரேக்கப் பேரரசின் இளவரசன் அலெக்சியோஸ் வந்தான். பறிபோன தந்தையின் சிம்மாசனத்தை மீட்டுத் தந்தால் 200,000 மார்க், எகிப்துப் படையெடுப்புக்கு 10,000 வீரர், கிரேக்கத் திருச்சபை ரோமுக்குக் கீழ்ப்படியும் என்றான். அந்த ஒரு வாக்கில் கடன்காரனுக்குக் காசும், பக்தனுக்குத் திருச்சபையும், வியாபாரிக்குச் சந்தையும், பதவி தேடியவனுக்குச் சாம்ராச்சியமும் இருந்தன. 1203இல் கொன்ஸ்தாந்திநோபிளில் அவனை முடிசூட்டினார்கள். கொடுக்கக் காசு இல்லை. அடுத்த மாசியில் அரண்மனைக்குள்ளேயே கொல்லப்பட்டான். பணம் தரவேண்டியவனும் போய், ஊருக்குத் திரும்ப உணவும் இல்லாமல், படை அந்த மதிலுக்கு வெளியே நின்றது. கொலைகாரரும் ரோமிலிருந்து பிரிந்து போனவர்களுமான கிரேக்கருக்கு எதிரான போர் பாவமில்லை என்று குருமார் அவர்களுக்குப் பிரசங்கித்தார்கள். 1204 சித்திரையில் நகரம் சூறையாடப்பட்டது.

மார்ட்டின் என்ற மடாதிபதியின் கதையைச் சொல்லும்போது சேரின் குரல் தாழ்ந்தது. மற்றவர்கள் பொன்னை அள்ளிக்கொண்டிருந்தபோது அவர் ஒரு கிரேக்க முதிய குருவை மிரட்டிப் பெட்டியைத் திறப்பித்து, புனிதர்களின் எலும்புகளைத் தன் அங்கியின் மடிப்புக்குள் நிறைத்துக்கொண்டு போனார். “இது களவோ பக்தியோ? பிரிச்சுக் காட்டும் பாப்பம்.” வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மண்ணாசை பற்றியும் ஒருவன் கேட்டான். நிலமில்லாத இளைய பிள்ளைகள்தான் போனார்கள் என்று அப்போது பாடப் புத்தகத்தில் இருந்தது. சேர் அதை ஏற்கவில்லை. முதலாம் சிலுவைப் போருக்குப் போன றொபேட் நோர்மண்டி முழுவதற்கும் பிரபு. வழிச்செலவுக்கு அதைத் தம்பியிடம் 10,000 மார்க்குக்கு ஈடு வைத்துவிட்டுப் போனான், எருசலேமைக் கண்டபின் ஊர் திரும்பினான். அதே படையில் போன பொஹெமண்டோ அந்தியோக்கியாவைப் பிடித்ததும் அங்கேயே தனக்கென்று வைத்துக்கொண்டான். ஒரே படையில் ஒருவன் காணியை இழந்துகொண்டு போனான், மற்றவன் காணிக்காகப் போனான். இருவரும் ஒரே சிலுவையைத்தான் தைத்திருந்தார்கள்.

அந்தக் கடைசிப் பாடம் முடிந்து ஒன்றரை வருடத்தில் நான் நாட்டை விட்டு வந்தேன். ஐயா தோட்டக் காணியை ஈடு வைத்துத்தான் ஏஜென்சிக்குக் காசு கட்டினார். ‘ஈடு’ என்ற சொல்லை உறுதியில் பார்த்தபோது எனக்கு நோர்மண்டி ஞாபகம் வந்தது. காணி மீளவில்லை.

சில வருடங்களுக்கு முன் மகளோடு வெனிஸுக்குப் போனேன். கொன்ஸ்தாந்திநோபிளிலிருந்து அன்று கொண்டுவந்த நாலு குதிரைகளும் புனித மார்க் தேவாலயத்துக்குள் அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. வெளி முகப்பில் நிற்பவை நகல்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் தங்க முலாமில் கோடு கோடாகக் கீறல்கள். மகள் நெடுநேரம் பார்த்துவிட்டு, “இதுகளை ஏன் கொண்டு வந்தவை, அப்பா?” என்று கேட்டாள். நான் கணக்கைச் சொல்லத் தொடங்கினேன், 33,500 ஆளிலிருந்து. இடையில் அவள், “நீங்கள் ஏன் வந்தனீங்கள்?” என்றாள்.

செல்லடி என்று இதுவரை ஒரு சொல்லில் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். அது உண்மைதான். ஆனால் செல் விழுந்தது ஒரு மாதம், கம்பஸ் அனுமதி கிடைக்காதது இன்னொரு மாதம், பக்கத்து வீட்டுப் பெடியன் அனுப்பிய படத்தில் கார் நின்றது வேறொரு மாதம். தங்கச்சியின் சீதனமும் இருந்தது. எந்த மாதம் எது என்னைப் பிடித்துத் தள்ளியது என்று அவளுக்கு அங்கே நின்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். குதிரைகளைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டு நின்றாள்.

புறப்படும் கிழமை சேர் ஆளனுப்பி என்னை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். ஏஜென்சிக்காரன் ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்றதால் நான் போகவில்லை. வேம்படியில் சைக்கிளை விட்டுவிட்டு அவரின் படலை வரை நடந்து, திரும்பி வந்தேன். உள்ளே விளக்கு எரிந்தது.