அந்தப் புள்ளியை எங்கே வைப்பது

ஸ்டோமா நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்று இன்னும் உறுத்துகிறது. மலக்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து கண் விழித்த ஒரு அம்மாவின் வயிற்றில் ஸ்டோமா இருந்தது. குடலின் ஒரு வளையத்தை வயிற்றுத் தோலுக்கு வெளியே எடுத்து, மலம் பையில் விழும்படி செய்யும் வழி அது. "கட்டியை எடுத்துட்டாங்கன்னா இது எதுக்கு சிஸ்டர்? அப்போ நோய் மிச்சம் இருக்கா?" என்று அழுதார். நோய் மிச்சமில்லை. ஆனால் முன்கூட்டியே யாரும் அவரிடம் சரியாக விளக்கவில்லை. வயிற்றில் இடம் குறித்ததும் அவரைப் படுக்க வைத்துத்தான். அவர் எழுந்து உட்கார்ந்ததும் அந்த இடம் தோல் மடிப்புக்குள் போய்விட்டது. பை ஒட்டவே இல்லை, தோல் வெந்து போனது.

அதன்பிறகு ஒவ்வொரு நோயாளியையும் முதல் ஸ்கேன் நாளிலிருந்தே தெரிந்துகொள்ள முயல்கிறேன். அப்படி எனக்கு நன்றாக நினைவிருப்பவர் ஐம்பதுகளில் இருந்த ஒரு டிரைவர். ஆசனவாயிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் கட்டி. பயாப்ஸியில் புற்றுநோய் என்று உறுதியாகியிருந்தது. நெஞ்சு, வயிறு சிடி ஸ்கேனில் கல்லீரலிலோ நுரையீரலிலோ பரவல் இல்லை. அவர் கேட்ட முதல் கேள்வி, "பரவலைன்னா உடனே வெட்டி எடுத்துடலாமே, எதுக்கு ரேடியேஷன்?"

பதில் இடுப்பு எம்ஆர்ஐயில் இருந்தது. மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை உண்டு. நிணநீர் முடிச்சுகள் அதற்குள்தான் இருக்கின்றன. அந்த உறையின் வெளி எல்லையாக ஒரு மெல்லிய சவ்வு. சர்ஜன் அந்தச் சவ்வை ஒட்டி வெளிப்புறமாகவே பிரித்துக்கொண்டு போய், குடல், கொழுப்பு, முடிச்சுகள் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாக எடுக்க வேண்டும். இந்த முறையை 1982இல் பில் ஹீல்டு என்ற பிரிட்டிஷ் சர்ஜன் விவரித்த பிறகு, அறுத்த இடத்திலேயே நோய் திரும்ப வருவது வெகுவாகக் குறைந்தது. ஆகவே எம்ஆர்ஐ படத்தில் முக்கியமாகப் பார்ப்பது கட்டிக்கும் அந்தச் சவ்வுக்கும் உள்ள இடைவெளியைத்தான். இவருக்கு அது 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. கட்டி எவ்வளவு பெரியது என்பதைவிட இதுதான் எங்கள் எல்லோரையும் பயமுறுத்தியது. அந்த நிலையில் உடனே வெட்டினால், வெட்டும் விளிம்பிலேயே புற்றுநோய் செல்கள் தங்கிவிடக்கூடும்.

சர்ஜன், ரேடியேஷன் டாக்டர், ஸ்கேன் டாக்டர், கீமோ டாக்டர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். கதிர்வீச்சின் அளவைக் கிரே என்ற அலகில் சொல்வோம். ஒரே வாரத்தில் 5 கிரே வீதம் 5 தவணை கொடுப்பது ஒரு வழி. அதற்குப் பதில் இவருக்கு 28 தவணைகளில் மொத்தம் 50.4 கிரே என்று முடிவானது. ஐந்தரை வாரத்துக்கு மேல் ஆகும், கதிர்வீச்சின் வேலைக்குத் துணையாக கேபசிடபின் என்ற கீமோ மாத்திரையும் சேரும். கட்டியை அந்த விளிம்பிலிருந்து பின்வாங்க வைப்பதுதான் நோக்கம்.

ஒவ்வொரு நாளும் சிறுநீர்ப்பை நிரம்பும் அளவு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மெஷினில் படுக்க வேண்டும். நிரம்பிய பை சிறுகுடலை மேலே தள்ளிவிடும். கதிர் படும் எல்லைக்குள் குடல் குறைவாக இருக்கும். மூன்றாவது வாரத்துக்கு அப்புறம் அவருக்கு அடிக்கடி மலம் வந்துகொண்டே இருந்தது, ஆசனவாய்ப் பக்கம் தோல் எரிந்தது. "பாதியில நிறுத்திடலாமா?" என்று ஒருநாள் கேட்டார். எரிச்சலுக்கு மருந்து மாற்றி, நாள் தவறாமல் முடித்தோம்.

முடிந்த மறுநாளே ஆபரேஷன் என்று குடும்பம் நினைத்திருந்தது. ரேடியேஷன் நின்ற பிறகும் கட்டி பல வாரங்களுக்குச் சுருங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் பத்து வாரம் காத்திருந்தோம். மறு எம்ஆர்ஐயில் இடைவெளி சுமார் 4 மில்லிமீட்டர். கட்டி இருந்த இடத்தில் கருப்பாகத் தழும்பு தெரிந்தது. அந்தத் தழும்புக்குள் உயிருள்ள நோய் ஒளிந்திருக்கிறதா என்று எம்ஆர்ஐயால் உறுதியாகச் சொல்ல முடியாது. எண்டோஸ்கோப்பியிலும் தொடு பரிசோதனையிலும் மிச்சம் தெரிந்தது. முழுதாக மறைந்திருந்தால், வெட்டாமல் கண்காணிக்கும் வழியைப் பற்றி அவரிடம் பேசியிருப்போம்.

ஸ்டோமா பேச்சு வந்தது இங்கேதான். கட்டி மலத்தை அடக்கும் ஆசனத் தசைகளைத் தொடவில்லை; எனவே நிரந்தர ஸ்டோமா வேண்டாம், குடலை இணைத்துவிடலாம். ஆனால் இணைப்பு மிகக் கீழே வருகிறது. அங்கே இரத்த ஓட்டம் மட்டம், திசுவும் கதிர் பட்டது. இப்படிப்பட்ட இணைப்பு கசியும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் அவருக்குத் தற்காலிகமாக ஒரு ஸ்டோமா. தற்காலிக ஸ்டோமா கசிவைத் தடுத்துவிடும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. கசிந்தாலும் வயிற்றுக்குள் மலம் கொட்டாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். இணைப்பு மேல் மலக்குடலில் இருந்து, ரேடியேஷனும் இல்லாமல், உடம்பும் நல்ல நிலையில் இருந்தால் பலருக்கு ஸ்டோமாவே தேவைப்படாது.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு அவரை உட்கார வைத்தேன், நிற்க வைத்தேன், குனியச் சொன்னேன். வலது பக்கம், தொப்புளுக்குக் கீழே, வயிற்றின் நேர்த்தசைக்குள் ஒரு புள்ளி வைத்தேன். உட்கார்ந்தபோது அது மடிப்பின் ஓரத்துக்குப் போனது. அழித்துவிட்டு இரண்டு விரல்கடை மேலே வைத்தேன். "ஸீட்ல உட்கார்ற மாதிரி உட்காருங்க, பெல்ட் எங்க வரும்னு காட்டுங்க ஐயா" என்றேன். பெல்ட்டுக்கு மேலே, இடுப்புப் பட்டைக்கும் மேலே, அவர் கண்ணாலேயே பார்க்கக்கூடிய இடத்தில் மூன்றாவது புள்ளி நின்றது. குளித்தாலும் அழியாத பேனாவால் அதைத் திரும்பத் திரும்ப எழுதினேன்.

ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது. வயிறு மிருதுவாகத்தான் இருந்தது, ஆனால் நாடி 112. சிடியில் பார்த்தால் இணைப்பு கசிந்து, அதற்குப் பின்னால் சிறு சீழ்த் தேக்கம். ஸ்டோமா இருந்ததால் மலம் அங்கே போகவில்லை. ஆன்டிபயாடிக்கும் சீழை வடிக்கும் குழாயும் போதுமானதாக இருந்தன. வயிற்றைத் திரும்பத் திறக்க வேண்டி வரவில்லை. அன்று சர்ஜன் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "பை இல்லன்னா இன்னிக்கு ராத்திரி ஆபரேஷன் தியேட்டர்லதான் இருந்திருப்போம்."

வீட்டுக்குப் போனபோது நான் அவருக்கு ஒன்றையே அழுத்திச் சொன்னேன். அவருடையது சிறுகுடல் ஸ்டோமா; அதில் தண்ணீரோடு உப்பும் வெளியேறும். பையில் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் விழுந்தாலோ, தலை சுற்றி சிறுநீர் குறைந்தாலோ வெறும் தண்ணீரை மேலும் மேலும் குடிக்காமல் உப்பு-சர்க்கரைக் கரைசல் குடித்துவிட்டு உடனே எங்களைக் கூப்பிட வேண்டும். ஒருமுறை கூப்பிட்டார், சரியான நேரத்தில்.

கசிவு ஆறும்வரை காத்திருந்ததில் ஸ்டோமாவை மூடுவது ஐந்து மாதம் தள்ளிப்போனது. சாய மருந்து ஏற்றி எடுத்த படத்தில் இணைப்பு முழுவதும் ஆறிவிட்டது தெரிந்த பிறகுதான் சர்ஜன் தேதி கொடுத்தார். தற்காலிகம் என்று வைத்தது சிலருக்கு மூடாமலே போவதும் உண்டு. அதையும் அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். மூடிய பிறகு ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு எட்டு முறை வரை டாய்லெட் போனார், அவசரம் வந்தால் நிறுத்த முடியவில்லை. மலக்குடல் போன இடத்தில் சேமிக்க இடமில்லையே. மூன்று மாதத்தில் அது நாலு முறையானது. கடைசியாகச் சந்தித்தபோது சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். நான் வைத்த மூன்றாவது புள்ளி இருந்த இடத்தில் ஒரு சிறு குறுக்குக் கோடு. ஸீட் பெல்ட் அதற்குக் கீழேதான் விழுகிறது என்றார்.