காது அசையவில்லை, முகம்தான் நகர்கிறது

டூப் நடிகரின் தலையை அப்படியே வைத்துக்கொண்டு, புருவத்துக்குச் சற்று மேலிருந்து கீழுதட்டுக்குச் சற்றுக் கீழ் வரையுள்ள பகுதியை மட்டும் நாயகியின் முகமாக மாற்றுவதே எங்கள் குழுவுக்கு வந்த வேலை. முடி, காது, தாடைக்கோடு ஆகிய மூன்றும் மூலப் படத்தின் பிக்சல்களாகவே இருப்பதால் அவற்றைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்றுதான் இந்த வேலைக்குப் புதிதாக வருகிற எவரும் நினைப்பார்கள். ஆனால் முதல் ஷாட்டைத் திரையிட்டவுடன் இயக்குநர் சொன்ன குறை, "காது ஆடுகிறது" என்பதுதான்.

மூலத்தையும் முடித்த படத்தையும் பிரேம் பிரேமாகக் கழித்துப் பார்த்தோம். மாற்றும் பகுதியை வரையறுக்கும் மாஸ்க்குக்கு வெளியே எல்லா இடத்திலும் வித்தியாசம் பூஜ்யமாகவே இருந்தது. காது அசையவே இல்லை. அதன் அருகே இருக்கும் முகம் நுண்ணிய அளவில் நடுங்கியபோது, பார்வையாளரின் கண் முகத்தை நிலையானதாக எடுத்துக்கொண்டு நடுக்கத்தைக் காதின்மேல் ஏற்றிவிட்டது. ஆகவே வெளிக்கோட்டைக் காப்பாற்றுவது என்பது, நடைமுறையில், உள்முகத்தைத் தலையோடு இறுக்கிக் கட்டுவதுதான்.

நடுக்கம் எவ்வளவு சிறிய பிழையிலிருந்து பிறக்கிறது என்பதை ஒரு கணக்கு காட்டும். கண்களின் வெளிமுனைகளுக்கு இடையே 150 பிக்சல் இருக்கும் ஒரு நெருக்கக் காட்சியில், ஒரு முனையின் புள்ளியை, முகத்தைப் பொருத்தும் மென்பொருள் ஒரே ஒரு பிக்சல் மேலே குறித்துவிட்டால் முகம் ஏறக்குறைய 0.4 பாகை சுழலும். கண்கோட்டுக்கு 150 பிக்சல் கீழே உள்ள மாஸ்க்கின் அடிவிளிம்பு ஏறக்குறைய ஒரு பிக்சல் பக்கவாட்டில் நகரும். ஒவ்வொரு பிரேமிலும் இந்தப் பிழை வேறுவேறு திசையில் விழுவதால், நிறுத்திப் பார்க்கும்போது குறையற்றதாகத் தெரியும் படம், ஓடும்போது நடுங்குகிறது.

இதைவிடத் தொல்லை தருவது பேச்சு. முகத்தைப் பொருத்தும் கணக்கில் தாடைப் புள்ளிகளையும் உதட்டுப் புள்ளிகளையும் சேர்த்திருந்தால், வாய் திறக்கும்போது அவை கீழே இறங்கும். மென்பொருள் அதை முகம் பெரிதானதாகப் புரிந்துகொண்டு, மாற்றிய முகத்தை வீங்கவைக்கும். அசைக்கு ஒருமுறை முகம் விரிந்து சுருங்க, அசையாத காதுக்கும் கன்னத்துக்கும் இடையிலான தூரம் மாறிக்கொண்டே இருக்கும். கண்முனைகள், மூக்குத்தண்டு போன்ற, எலும்போடு ஒட்டி நிற்கும் இடங்களை மட்டும் பொருத்துதலுக்குப் பயன்படுத்தியபோது இது அடங்கியது. நாயகியின் முகத்தை உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரிக்குக் கொடுக்கும் பயிற்சிப் படங்களையும் அதே புள்ளிகளைக் கொண்டே வெட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் மாதிரி ஓர் அளவில் முகத்தைக் கற்று, வேறோர் அளவில் திருப்பித் தரும்.

எஞ்சிய நடுக்கத்தை முன்பின் பிரேம்களில் அந்தப் புள்ளிகள் இருந்த இடங்களின் சராசரியால் தணிக்கலாம், ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. தலை சட்டெனத் திரும்பி நிற்கும் இடத்தில் சராசரி அந்தத் திருப்பத்தை மழுங்கடிப்பதால், முகம் காதுக்குச் சற்று முந்தியோ பிந்தியோ வரும். அத்தகைய இடங்களில் சராசரியின் அகலத்தைக் குறைத்துவிட்டு, பிக்சல்களின் நகர்வைக் கணிக்கும் ஆப்டிகல் ஃப்ளோ மூலம் தோலின் இழைநயத்தையே பிரேமுக்குப் பிரேம் பின்தொடர்வது நல்லது. சரியாகிவிட்டதா என்பதைக் கண்ணை நம்பி முடிவு செய்யாமல், மூக்கு, காது இரண்டையும் கடக்கும் ஒரு கிடைவரிசைப் பிக்சல்களை ஒவ்வொரு பிரேமிலிருந்தும் எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்ப்பேன். காதின் கோடு வழவழப்பாகவும் மூக்கின் கோடு ரம்பப்பல்லாகவும் இருந்தால் வேலை முடியவில்லை.

மாஸ்க்கின் விளிம்பைத் தாடைக்கோட்டின்மேல் வைப்பது எனக்கு உடன்பாடானதல்ல. பெதர் செய்து மென்மையாக்கிய விளிம்பு அங்கே பின்னணியோடு கலந்து, தாடையைச் சுற்றி மங்கலான ஒளிவளையத்தை உண்டாக்கும். கோட்டிலிருந்து உள்ளே விலகி, வெறும் தோல் மட்டும் இருக்கும் கன்னத்தில் கலப்பு நடந்தால், நிறம் ஒத்திருக்கும்வரை யாருக்கும் தெரியாது. நிறப்பொருத்தத்தையும் பிரேமுக்குப் பிரேம் தனித்தனியாகக் கணக்கிடாமல், வெளிச்சம் மாறாத ஷாட்டில் முழு ஷாட்டுக்கும் ஒரே அளவாக வைப்பது சரி.

நெற்றியில் விழுந்த முடிக்கற்றைதான் அந்த ஷாட்டில் நெடுநேரம் எடுத்துக்கொண்டது. முடியைத் தனியே பிரித்து மாஸ்க்கிலிருந்து கழித்தோம். ஆனால் பிரிக்கும் மென்பொருள் ஒரு பிரேமில் கற்றையைக் கண்டு, அடுத்ததில் தவறவிட்டதால் அது மின்னி மறைந்தது. அண்டைப் பிரேம்களின் முடி மாஸ்க்குகளை அசைவுக்கேற்ப நகர்த்தி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, பெரும்பான்மை எதைக் காட்டுகிறதோ அதை ஏற்றபிறகு நிலைத்தது. தனித்தனி இழைகளுக்கு இது உதவாது. அவற்றின் இடைவெளியில் தெரியும் டூப்பின் நெற்றித்தோலும் சேர்ந்தே வருவதால், மாஸ்க்கின் மேல்விளிம்பைப் புருவத்துக்கு மிக அருகே இறக்கினோம்.

முகம் முழுப் பக்கவாட்டுக்குத் திரும்பிய கடைசிச் சில பிரேம்களில் இந்த முறையே பொருந்தவில்லை. அங்கே மூக்கும் உதடும்தான் வெளிக்கோடு. நாயகியின் மூக்கு சிறியதாக இருந்ததால் டூப்பின் மூக்குநுனி அதற்கு அப்பால் எட்டிப்பார்த்தது. அதை மறைக்கப் பின்னணியைப் புதிதாக வரைய வேண்டும் என்று சொன்னோம். இயக்குநர் ஷாட்டை அதற்கு முன்பே வெட்டிக்கொண்டார்.